வவ்வால் குரலைப் பிடிக்க டி.எம்.ஏ: நான்கு மைக்ரோ விநாடிக் கெடு எட்டு மில்லி விநாடியாகும் விதம்

பூச்சி தின்னும் வவ்வால்கள் இருட்டில் வழி தேட எழுப்பும் குரல் பெரும்பாலும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும்; சில இனங்களுக்கு 100 கிலோஹெர்ட்ஸையும் தாண்டும். ஐரோப்பாவில் பரவலாகக் காணப்படும் பிப்பிஸ்ட்ரெல் வவ்வாலின் குரல் 45 கிலோஹெர்ட்ஸை ஒட்டி வலுவாக ஒலிக்கும். மனிதக் காதுக்கு எட்டாத இந்த ஒலியை எண்களாக மாற்றி ஆராய்வதுதான் வவ்வால் கண்டறியும் கருவியின் வேலை. அலையின் உயரத்தை ஒரே சீரான இடைவெளியில் அளந்து எண்ணாகத் தருவது ஏ.டி.சி எனப்படும் மாற்றி. அது தரும் ஒவ்வொரு எண்ணும் ஒரு சாம்பிள். 100 கிலோஹெர்ட்ஸ் ஒலியைத் தவறில்லாமல் பிடிக்க, விநாடிக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சாம்பிள்கள் வேண்டும். 2,50,000 என்று வைத்துக்கொண்டால் 125 கிலோஹெர்ட்ஸ் வரை இடம் கிடைக்கும். அப்போது நான்கு மைக்ரோ விநாடிக்கு ஒரு சாம்பிள் வந்துகொண்டே இருக்கும்.

எந்த நேரத்தில் வவ்வால் பறந்து வரும் என்பது யாருக்கும் தெரியாது. அதன் ஒரு குரல் சில மில்லி விநாடிதான் நீடிக்கும். ஆகவே கருவி இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் ஒரு சாம்பிளும் தவறக்கூடாது. கேட்டதை அப்போதைக்கப்போது ஆராயவும் வேண்டும். இரண்டையும் ஒரே சிறு சில்லு செய்வதற்குத்தான் நேரடி நினைவக அணுகல், சுருக்கமாக டி.எம்.ஏ, தேவைப்படுகிறது. அந்த வேலையை எஸ்.டி.எம்.32 எஃப்103 என்ற மலிவான மைக்ரோகன்ட்ரோலரில் தொடர்ந்து பார்க்கலாம். 'ப்ளூ பில்' என்ற பெயரில் மாணவர்களிடமும் பொழுதுபோக்காளர்களிடமும் புழங்கும் சிறு நீலப் பலகையில் இருப்பது இந்தச் சில்லுதான். அதன் கடிகாரம் விநாடிக்கு 7 கோடியே 20 லட்சம் முறை துடிக்கும். நினைவகம் 20 கிலோபைட். பன்னிரண்டு பிட் ஏ.டி.சி உள்ளேயே இருக்கிறது. அது தரும் எண் 0 முதல் 4095 வரை அமையும்.

டி.எம்.ஏ இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் பயன் புரியும். 72 மெகாஹெர்ட்ஸில் நான்கு மைக்ரோ விநாடி என்பது 288 துடிப்புகள். ஒவ்வொரு சாம்பிளும் தயாரானதும் ஏ.டி.சி புராசசருக்கு ஓர் இன்டரப்ட், அதாவது குறுக்கீட்டுச் செய்தி, அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். புராசசர் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தி, கையிலிருந்த எண்களைப் பத்திரப்படுத்திவிட்டு இன்டரப்டுக்குள் நுழையவே 12 துடிப்புகள் ஆகும். திரும்பி வரவும் ஏறக்குறைய அதே அளவு ஆகும். நடுவில் ஏ.டி.சியைப் படித்து, நினைவகத்தில் எழுதி, அடுத்த இடத்துக்கு நகர்ந்து, இடம் தீர்ந்துவிட்டதா என்று சரிபார்க்க வேண்டும். ஃபிளாஷ் நினைவகத்தின் தாமதத்தையும் சேர்த்தால், எழுதும் விதத்தைப் பொறுத்து மொத்தம் 70, 80 துடிப்புகளுக்குப் போய்விடும். எண்ணை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைக்கும் சுமைதூக்கும் வேலைக்கே புராசசரின் கால்வாசிக்கும் மேல் செலவாகிறது.

செலவைவிடப் பெரிய தொல்லை அவசரம். ஏ.டி.சியிடம் முடிவை வைக்க இருப்பது ஒரே ஒரு ரெஜிஸ்டர்தான். அடுத்த சாம்பிள் வந்ததும் பழையது அழிந்துவிடும். வேறொரு இன்டரப்ட் ஐந்து மைக்ரோ விநாடி பிடித்துக்கொண்டாலே ஒரு சாம்பிள் போய்விடும். இந்தச் சில்லின் ஏ.டி.சியில் இழப்பைச் சொல்லும் கொடி எதுவும் கிடையாது. போனது போனதுதான், அலையில் ஒரு சிறு வெட்டு மட்டும் மிஞ்சும்.

டி.எம்.ஏ என்பது இந்த ஒரே வேலைக்கென்று சில்லுக்குள் அமைத்த தனி மின்சுற்று. அது கணக்குப் போடாது, முடிவெடுக்காது. எங்கிருந்து எடுக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும், எத்தனை முறை என்ற மூன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். யாராவது மணியடித்தால் ஒரு எண்ணை நகர்த்திவிட்டு அடுத்த மணிக்குக் காத்திருக்கும். எஃப்103இல் முதல் ஏ.டி.சியின் மணி, டி.எம்.ஏ1இன் முதல் சேனலில் நிரந்தரமாகக் கம்பியிட்டு இணைக்கப்பட்டிருக்கிறது. வேறு சேனலைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் சரியாக எழுதியிருந்தும் ஒரு சாம்பிளும் நகராது.

சாம்பிள் எடுக்கும் நேரத்தைக் குறிப்பதும் புராசசரின் பொறுப்பு அல்ல. மூன்றாம் டைமர் 288 துடிப்புக்கு ஒருமுறை ஒரு தூண்டலை நேராக ஏ.டி.சிக்கு அனுப்பும். பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் டைமரில் எழுதும் எல்லை 287. தூண்டல் வந்ததும் ஏ.டி.சி தன்னுள்ளே இருக்கும் சிறு கெப்பாசிட்டரில் மைக்கின் மின்னழுத்தத்தைச் சற்று நேரம் நிரப்பி, பிறகு அளக்கும். ஏ.டி.சியின் சொந்தக் கடிகாரம் 12 மெகாஹெர்ட்ஸ் என்றால், நிரப்ப 28.5 துடிப்புகளும் அளக்க 12.5 துடிப்புகளும் சேர்ந்து 41 துடிப்புகள், அதாவது 3.42 மைக்ரோ விநாடி. நான்குக்குள் அடங்குகிறது. நிரப்பும் நேரத்தை அடுத்த படியான 41.5 துடிப்புக்கு ஏற்றினால் 4.5 மைக்ரோ விநாடி ஆகி, ஒரு சாம்பிள் முடிவதற்குள் அடுத்த தூண்டல் வந்துவிடும். டைமர் விநாடிக்கு 2,50,000 தூண்டல் அனுப்பினாலும் அத்தனை சாம்பிள் கிடைக்காது.

அளந்து முடித்ததும் மணி ஒலிக்கும். டி.எம்.ஏ ஏ.டி.சியின் ரெஜிஸ்டரைப் படித்து, நினைவகத்தில் இதற்கென ஒதுக்கிய வரிசையான இடத்தில், அதாவது பஃபரில், எழுதும். எழுதும் முகவரியை இரண்டு பைட் நகர்த்தி, மீதி எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துக்கொள்ளும். இவ்வளவையும் ஏற்பாடு செய்ய நிரலில் ஐந்து வரிகள் போதும்.

```c
DMA1_Channel1->CPAR  = (uint32_t)&ADC1->DR;
DMA1_Channel1->CMAR  = (uint32_t)buf;
DMA1_Channel1->CNDTR = 4096;
DMA1_Channel1->CCR   = DMA_CCR_MINC | DMA_CCR_CIRC
                     | DMA_CCR_PSIZE_0 | DMA_CCR_MSIZE_0
                     | DMA_CCR_HTIE | DMA_CCR_TCIE;
DMA1_Channel1->CCR  |= DMA_CCR_EN;
```

முதல் வரி எடுக்கும் இடம், இரண்டாவது வைக்கும் இடம், மூன்றாவது எண்ணிக்கை. நான்காவதில் உள்ள `MINC` வைக்கும் முகவரி மட்டும் நகர வேண்டும் என்கிறது. எடுக்கும் முகவரி நகரக்கூடாது, ஏனென்றால் ஏ.டி.சி எப்போதும் அதே ரெஜிஸ்டரில்தான் முடிவைத் தரும். `CIRC` என்றால் 4096 முடிந்ததும் நிற்காமல் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். `PSIZE_0`, `MSIZE_0` இரண்டும் ஒவ்வொரு எண்ணும் பதினாறு பிட் என்று சொல்கின்றன. கடைசி இரண்டும்தான் டி.எம்.ஏ எப்போது புராசசரைக் கூப்பிட வேண்டும் என்பதைக் குறிப்பவை: பாதி நிறைந்ததும் ஒரு முறை, முழுதும் நிறைந்ததும் ஒரு முறை.

இந்த இரட்டை அழைப்பில்தான் முழு உத்தியும் அடங்கியிருக்கிறது. தெருக்குழாயடியில் ஒரு குடம் நிறைந்துகொண்டிருக்கும்போது நிறைந்த இன்னொரு குடத்தை வீட்டுக்குத் தூக்கிப் போய்க் கவிழ்த்துவிட்டு வருவார்கள். குழாயை மூட வேண்டியதில்லை. முதல் குடம் நிறைவதற்குள் திரும்பி வந்தால் ஒரு சொட்டும் வீணாகாது. பஃபரின் முதல் பாதி நிறைந்ததும் டி.எம்.ஏ இரண்டாம் பாதிக்குப் போய்விடுகிறது. அது அங்கே எழுதிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் முதல் பாதியை யாரும் தொட மாட்டார்கள். புராசசர் நிதானமாக அதை ஆராயலாம். இரண்டாம் பாதி நிறைந்ததும் இடம் மாறிக்கொள்கிறார்கள்.

ஒரு பாதியில் 2048 சாம்பிள்கள். நான்கு மைக்ரோ விநாடி வீதம் அது நிறைய 8.192 மில்லி விநாடி ஆகும். விநாடிக்கு 2,50,000 முறை நின்று போயிருக்க வேண்டிய புராசசர் இப்போது 122 முறைதான் நிற்கிறது. அதைவிட முக்கியமான மாற்றம் கெடுவில். முன்பு ஒவ்வொரு நான்கு மைக்ரோ விநாடிக்குள்ளும் பதில் சொல்லியாக வேண்டும். இப்போது எட்டு மில்லி விநாடிக்குள் எப்போது பதில் சொன்னாலும் சரி. வேறொரு இன்டரப்ட் ஐம்பது மைக்ரோ விநாடி பிடித்துக்கொண்டாலும் எதுவும் கெடாது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுவது நல்லது. ஆராயும் வேலையை டி.எம்.ஏ குறைப்பதில்லை. ஒரு பாதிக்குக் கிடைக்கும் 5,89,824 துடிப்புகளை 2048ஆல் வகுத்தால் சாம்பிளுக்கு அதே 288தான் வரும். சுமைதூக்கும் செலவு போனதும், மிச்ச நேரத்தைத் தோதுபோல ஒதுக்கிக்கொள்ளும் சுதந்திரம் கிடைத்ததும்தான் லாபம். டி.எம்.ஏவுக்கும் சிறு விலை உண்டு. நினைவகத்துக்குப் போகும் பாதையைப் புராசசரும் டி.எம்.ஏவும் பகிர்ந்துகொள்கின்றன. இருவரும் ஒரே கணத்தில் வந்தால் முறை வைத்துத்தான் போக வேண்டும். ஒருவர் ஓரிரு துடிப்பு காத்திருப்பார். இந்தச் சில்லின் வடிவமைப்பு பாதையில் பாதியாவது புராசசருக்குக் கிடைக்கும் என்று உறுதி செய்கிறது. நிரலின் கட்டளைகள் ஃபிளாஷிலிருந்து தனிப் பாதையில் வருவதால் மோதலும் குறைவு. 288 துடிப்புக்கு ஒரு முறை நடக்கும் நகர்த்தலால் ஏற்படும் தாமதத்தைக் கணக்கில் சேர்க்கவே தேவையில்லை.

புராசசர் கூப்பிடப்பட்டதும் செய்ய வேண்டியது மிகச் சிறிது.

```c
void DMA1_Channel1_IRQHandler(void)
{
    uint32_t f = DMA1->ISR;
    if ((f & DMA_ISR_HTIF1) && (f & DMA_ISR_TCIF1)) late++;
    if (f & DMA_ISR_HTIF1) {
        DMA1->IFCR = DMA_IFCR_CHTIF1;
        ready = &buf[0];
    }
    if (f & DMA_ISR_TCIF1) {
        DMA1->IFCR = DMA_IFCR_CTCIF1;
        ready = &buf[2048];
    }
}
```

எந்தப் பாதி தயார் என்பதை `ready` என்ற இடத்தில் குறித்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஆராய்ச்சியை முதன்மை நிரல் பார்த்துக்கொள்ளும். `ready`, `late` இரண்டையும் `volatile` என்று அறிவிக்க மறந்தால், அவை மாறுவதே இல்லை என்று கம்பைலர் முடிவு கட்டிப் பழைய மதிப்பிலேயே நின்றுவிடக்கூடும்.

ஆராய்வதற்கு இந்தச் சில்லுக்குப் பொருந்தும் வழி, ஜெரால்டு கோர்ட்செல் 1958இல் வெளியிட்ட கணக்குமுறை. ஒலியில் உள்ள எல்லா அலைவரிசைகளையும் பிரிக்காமல், கேட்ட ஓர் அலைவரிசை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும். சாம்பிளுக்கு ஒரு பெருக்கலும் இரண்டு கூட்டல் கழித்தலும் போதும். எஃப்103இல் தசம எண்களுக்கான கணக்குப்பொறி கிடையாது. ஆகவே முழு எண்களில் எழுத வேண்டும். அப்படி எழுதினால் ஓர் அலைவரிசைக்குச் சாம்பிளுக்கு இருபது, முப்பது துடிப்பில் வேலை முடியும். ஐந்து அலைவரிசைகளைக் கவனித்தாலும் 288இல் பாதியளவே செலவாகும்.

2048 சாம்பிளையும் ஒரே மூச்சில் கொடுத்தால் பயன் குறைவு. வவ்வாலின் குரல் சில மில்லி விநாடிக்குள் உச்சத்திலிருந்து கீழே சரியும்; எட்டு மில்லி விநாடிச் சராசரியில் அது கரைந்துவிடும். பாதியைப் பதினாறு துண்டாக்கினால் துண்டுக்கு 128 சாம்பிள், அரை மில்லி விநாடி. அப்போது ஒவ்வொரு அலைவரிசைப் பட்டையும் 1953 ஹெர்ட்ஸ் அகலம் பெறும். அதில் 23ஆம் பட்டை 44.9 கிலோஹெர்ட்ஸில் விழும். பிப்பிஸ்ட்ரெல் வந்தால் அந்தப் பட்டை தொடர்ந்து சில துண்டுகளில் எழும்பி நிற்கும். குரல் ஒரு பாதியின் கடைசித் துண்டில் தொடங்கி அடுத்த பாதியின் முதல் துண்டில் முடியலாம். 'எழும்பி நிற்கிறது' என்ற நிலையைப் பாதி மாறும்போது அழிக்காமல் வைத்திருந்தால் குரல் இரண்டாக எண்ணப்படாது. மைக்கின் ஓய்வு அழுத்தம் 1.65 வோல்ட்டில் இருப்பதால் அமைதியிலும் எண் 2048ஐ ஒட்டியே வரும்; அதை முதலில் கழித்துவிட வேண்டும்.

எல்லாம் ஓடுகிறதா என்று பார்க்க மிக எளிய சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு இன்டரப்டிலும் ஒரு வெளியீட்டு முனையை மாற்றி மாற்றி ஏற்றி இறக்கி, அதில் ஆசிலாஸ்கோப்பை வைக்கலாம். திரையில் 61 ஹெர்ட்ஸ் சதுர அலை தெரிய வேண்டும்; 2,50,000ஐ 4096ஆல் வகுத்தால் வருவது அதுதான். அதைவிடக் குறைந்தால் ஏ.டி.சி தூண்டல்களைத் தவறவிடுகிறது. நிரப்பும் நேரத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இன்னொரு முனையை ஆராய்ச்சி தொடங்கும்போது ஏற்றி, முடியும்போது இறக்கினால், எட்டு மில்லி விநாடியில் எவ்வளவு செலவாகிறது என்பது கண்முன் தெரியும்.

பெரும்பாலான தொல்லைகள் புராசசர் தாமதிப்பதால் வருபவை. டி.எம்.ஏ யாருக்காகவும் காத்திருக்காது. ஆராய்ச்சி எட்டு மில்லி விநாடியைத் தாண்டினால், புராசசர் படித்துக்கொண்டிருக்கும் பாதியின் தொடக்கத்திலேயே டி.எம்.ஏ புதிய சாம்பிள்களை எழுத ஆரம்பிக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. எண்கள் பார்ப்பதற்கு நியாயமாகவே இருக்கும். கைக்கு அகப்படும் ஒரு சான்று: சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து தூய 40 கிலோஹெர்ட்ஸ் அலையைக் கொடுத்துப் பஃபரை வரைந்து பார்த்தால், வளைவு ஓரிடத்தில் மட்டும் படி போலத் துள்ளும். அந்த இடத்துக்கு ஒரு பக்கம் புதியது, மறுபக்கம் பதினாறு மில்லி விநாடி பழையது.

நிரலுக்குள்ளேயே இதைக் கண்டுபிடிக்கலாம். மேலே உள்ள `late` என்ற எண்ணி, இரண்டு கொடிகளும் ஒன்றாக ஏறியிருந்தால் கூடும். இன்டரப்டே அரைச்சுற்று தாமதமானது என்று பொருள். முதன்மை நிரல் தாமதித்ததை அறிய `CNDTR` உதவும். அதில் எப்போதும் இன்னும் எழுத வேண்டிய எண்ணிக்கை இருக்கும். முதல் பாதியை ஆராய்ந்து முடித்த கணத்தில் அது 2048 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் டி.எம்.ஏ இன்னும் இரண்டாம் பாதியில்தான் நிற்கிறது. மேலே இருந்தால் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. அந்தத் துண்டைத் தூக்கி எறிவதே நேர்மையான வழி.

டீபக்கரில் நிரலை நிறுத்திப் பஃபரைப் பார்ப்பவர்கள் அடிக்கடி ஏமாறுவதும் இதே காரணத்தால்தான். புராசசர் நின்றாலும் டைமரும் ஏ.டி.சியும் டி.எம்.ஏவும் நிற்பதில்லை. திரையில் தெரிவதற்குள் பஃபர் பலமுறை சுற்றி எழுதப்பட்டிருக்கும். நிறுத்தும்போது டைமரும் உறைய வேண்டும் என்று `DBGMCU` ரெஜிஸ்டரில் `DBG_TIM3_STOP` பிட்டை ஏற்றிவைத்தால் தூண்டல் நின்று, பஃபரும் அப்படியே நிற்கும்.

அளவுப் பொருத்தம் தவறினால் அடையாளம் தெளிவாகத் தெரியும். வைக்கும் அளவை எட்டு பிட் என்று குறித்துவிட்டால் மேல் பிட்கள் வெட்டுப்பட்டு, பைட் பைட்டாக வரைந்தால் வளைவு 255க்கு மேல் போகாமல் மடங்கி மடங்கி ரம்பப் பல் போல வரும். முப்பத்திரண்டு பிட் என்று குறித்தால் ஒரு சாம்பிள், ஒரு பூஜ்யம் என்று மாறி மாறி வரும். இது ஆபத்தானதும்கூட: 4096 எண்களும் இரு மடங்கு இடம் பிடித்து, பஃபரைத் தாண்டி அடுத்திருக்கும் மாறிகளின் மேல் எழுதும்.

பெரிய சில்லுகளுக்கு மாறுபவர்களை வேறொன்று தடுக்கும். எஸ்.டி.எம்.32 எச்7 போன்றவற்றில் புராசசருக்கும் நினைவகத்துக்கும் நடுவே கேஷ் என்ற வேகமான இடைக்கிடங்கு உண்டு. டி.எம்.ஏ அதைத் தாண்டி நேராக நினைவகத்தில் எழுதுகிறது. புராசசரோ இடைக்கிடங்கில் இருக்கும் பழைய பிரதியைப் படித்துக்கொண்டிருக்கும். பஃபர் மாறுவதே இல்லை, அல்லது சில சமயம் மட்டும் மாறுகிறது என்பது இதன் அறிகுறி. ஒவ்வொரு பாதியையும் படிக்கும் முன் `SCB_InvalidateDCache_by_Addr` என்ற கட்டளையால் பழைய பிரதியைச் செல்லாததாக்க வேண்டும். கேஷ் முப்பத்திரண்டு பைட் கட்டுகளாக இயங்குவதால் பஃபரும் அந்த எல்லையில் தொடங்கி அந்த எல்லையில் முடிய வேண்டும். எஃப்103இல் இந்தக் கேஷே இல்லாததால் அங்கே நன்றாக ஓடிய நிரல் புதிய சில்லில் தடுமாறும்.

வவ்வால் வந்ததைச் சொன்னால் மட்டும் போதும் என்றால் எஃப்103 தாராளம். குரலையே எஸ்.டி கார்டில் பதிவு செய்ய வேண்டும் என்றால் அது தாங்காது. விநாடிக்கு ஐந்து லட்சம் பைட் வந்து விழும்; இருக்கும் 20 கிலோபைட்டையும் பஃபராக்கினாலும் 41 மில்லி விநாடிக்குத்தான் வரும். எஸ்.டி கார்டோ உள்ளே இடத்தை அழித்து ஒழுங்குபடுத்தும்போது ஒரு எழுத்தை முடிக்க 250 மில்லி விநாடி வரை எடுத்துக்கொள்ள அதன் தரவரையறையே இடம் தருகிறது. கார்டு அப்படி நிற்கும் நேரத்தில் வரும் சாம்பிளை வைக்க இடமிருக்க வேண்டும். சவுத்தாம்ப்டன், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் காட்டுயிர் ஒலிகளைப் பதிவு செய்ய உருவாக்கிய 'ஆடியோமாத்' கருவியில் புராசசருக்குள் இருக்கும் நினைவகம் 32 கிலோபைட்தான். அதற்கு வெளியே தனியாக 256 கிலோபைட் நினைவகச் சில்லு ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. அந்தக் கருவியின் உச்ச வேகமான விநாடிக்கு 3,84,000 சாம்பிளிலும் அது ஏறக்குறைய 340 மில்லி விநாடி ஒலியைத் தாங்கும். கார்டு 250 மில்லி விநாடி நின்றாலும் பதிவில் வெட்டு விழாது.